‘நிதி லிமிடெட்’டில் பணம் போடுமுன், கடன் வாங்குமுன்

சென்னையின் பழைய பகுதிகளில் வளர்ந்தவர்களுக்கு ‘ஃபண்டு ஆபீஸ்’ என்ற சொல் புதிதல்ல. மயிலாப்பூரில் 1872-லேயே இப்படி ஒரு நிதி தொடங்கப்பட்டுவிட்டது. உறுப்பினர்கள் சிறுகச் சிறுகப் பணம் போடுவார்கள். அந்தப் பணம் உறுப்பினர்களுக்கே நகைக்கடனாகவும் வீட்டுக்கடனாகவும் போகும். வரும் வட்டி மீண்டும் உறுப்பினர்களுக்கே வரும். என் பெரியம்மா தன் மகள் திருமணத்துக்கான பணத்தை முழுக்க இப்படி ஒரு ஃபண்டில்தான் சேர்த்தார். அந்தப் பழக்கத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் அதன் பெயரை வைத்துப் பணம் பறிப்பவர்களைப் பார்க்கும்போது கோபமும் வருகிறது.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. தமிழில் ‘நிதி நிறுவனம்’ என்றால் வட்டிக்கடைக்காரர் முதல் பெரிய வாகனக் கடன் கம்பெனி வரை எல்லாமே அடங்கும். இந்தக் கட்டுரை பேசுவது அவற்றை அல்ல. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 406-ஆம் பிரிவின்படியும் 2014-ஆம் ஆண்டின் நிதி விதிகளின்படியும் நடக்கும் பரஸ்பர நலக் கம்பெனிகளைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன். அவற்றின் பெயர் ‘நிதி லிமிடெட்’ என்று முடியும். மேற்பார்வை மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்துடையது. ரிசர்வ் வங்கியில் பதிவு பெறும் கட்டாயம் இவற்றுக்கு இல்லை. ஆகவே ஒரு நிதியின் ஊழியர் “ரிசர்வ் வங்கி அங்கீகாரம் எங்களுக்கு உண்டு” என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியத்திலேயே நீங்கள் எழுந்து வந்துவிடலாம். வங்கி வைப்புக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடும் இங்கே கிடையாது. வைப்பு விண்ணப்பப் படிவத்திலேயே, இது காப்பீடு செய்யப்பட்டதல்ல, அரசோ ரிசர்வ் வங்கியோ உத்தரவாதம் தரவில்லை என்ற வாசகம் இருக்க வேண்டும். இல்லையென்றால் படிவமே விதிப்படி அச்சிடப்படவில்லை.

முதல் படி: பெயரை நம்பாமல் அறிவிப்பைக் கேளுங்கள்

கம்பெனியைப் பதிவு செய்யும்போதே ‘நிதி லிமிடெட்’ என்ற பெயர் கிடைத்துவிடுகிறது. மத்திய அரசு அதை ‘நிதி’ என்று அறிவிப்பது அதற்குப் பிறகு நடக்கும் தனிக் காரியம். பெயர்ப் பலகையைப் பார்த்து ஏமாறுபவர்கள் இந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள்.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இப்படி அறிவிக்கப்பட்டவை சுமார் 390 கம்பெனிகள்தான். 2014 முதல் 2019 வரை அறிவிப்பு தேவையில்லை என்ற நிலை இருந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிதிகள் முளைத்தன. 2019 ஆகஸ்டில் NDH-4 என்ற படிவத்தில் விண்ணப்பித்து அறிவிப்புப் பெற வேண்டும் என்று விதி திருத்தப்பட்டபோது, விண்ணப்பித்தவை 2,300-ஐ ஒட்டித்தான் இருந்தன என்று அமைச்சகமே 2022-இல் சொன்னது. மற்றவை என்ன செய்துகொண்டிருந்தன என்று யோசித்துப் பாருங்கள்.

2022 ஏப்ரல் திருத்தத்துக்குப் பிறகு பதிவாகும் நிதிக்குக் கட்டுப்பாடு இன்னும் இறுகியிருக்கிறது. 10 லட்சம் ரூபாய்ப் பங்கு மூலதனத்துடன் தொடங்க வேண்டும். பதிவான 120 நாட்களுக்குள் 200 உறுப்பினர்களையும் 20 லட்சம் ரூபாய் நிகர சொந்த நிதியையும் காட்டி NDH-4 தாக்கல் செய்ய வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அலுவலகத்தில் போய், “உங்களை நிதியாக அறிவித்த அரசு உத்தரவின் நகலைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள்; அதைக் காட்டுவார்கள். அது கம்பெனி பிறந்ததற்குச் சான்று மட்டுமே. “விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்” என்றால், வந்த பிறகு நீங்களும் வரலாம். வீட்டிலிருந்தே mca.gov.in தளத்தில் கம்பெனியின் பெயரை இட்டுத் தேடினால் பதிவான தேதி, மூலதனம், கடைசியாக இருப்புநிலைக் குறிப்பு தாக்கல் செய்த ஆண்டு ஆகியவை இலவசமாகத் தெரியும். இரண்டு ஆண்டுகளாக இருப்புநிலைக் குறிப்பே தாக்கல் செய்யாத கம்பெனிக்கு அடுத்த படி தேவையில்லை.

இரண்டாம் படி: உறுப்பினராவது

உறுப்பினரல்லாத ஒருவரிடம் நிதி ஒரு ரூபாய்கூட வைப்பு வாங்கக் கூடாது. ஒரு ரூபாய்கூடக் கடன் தரவும் கூடாது. ஆகவே எதற்கும் முன் பங்கு வாங்க வேண்டும். நிரந்தர வைப்பு போடுபவர் குறைந்தது 10 பங்குகளோ 100 ரூபாய் மதிப்புள்ள பங்குகளோ வைத்திருக்க வேண்டும். சேமிப்புக் கணக்குக்கும் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்புக்கும் 10 ரூபாய்ப் பங்கு ஒன்று போதும். பங்கு தருவதற்குச் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. ‘உறுப்பினர் கட்டணம் 500 ரூபாய்’ என்று பங்கைப் பற்றிப் பேச்சே இல்லாமல் ரசீது கொடுத்தால், நீங்கள் உறுப்பினராகவில்லை, பணம் மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். பங்கு உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டதற்கான ஆவணத்தையும் உறுப்பினர் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

யாரெல்லாம் உறுப்பினராக முடியாது என்பதும் தெளிவு. கம்பெனிகளும் அறக்கட்டளைகளும் சேர முடியாது. ஊர்க் கோயிலின் பணம் அறக்கட்டளை பெயரில் இருந்தால் அதை இங்கே போட வழியில்லை. ஒரு நிர்வாகியின் சொந்தப் பெயரில் போடலாம் என்று யோசனை சொல்பவர், பிறகு வரப்போகும் தகராறுக்கும் சேர்த்து யோசனை சொல்கிறார். சிறுவர் உறுப்பினராக முடியாது. ஆனால் உறுப்பினரான தாயோ தந்தையோ சட்டப்படியான காப்பாளரோ குழந்தை பெயரில் வைப்பு போடலாம்.

நூறு ரூபாய்ப் பங்கு வைத்திருப்பவருக்கு ஒரு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். மற்றக் கம்பெனிகளைப் போல ஆண்டறிக்கை உங்கள் வீட்டுக்குத் தபாலில் வராது. சிறு பங்குதாரர்களுக்கு நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, பொதுக்குழுவுக்கு 21 நாட்கள் முன்பே கணக்கை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும் என்று நிதிகளுக்குச் சலுகை இருக்கிறது. அதனால் கணக்கை நீங்கள்தான் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் அதைப் பார்வையிட உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்துவதுதான் அடுத்த படி.

மூன்றாம் படி: இருப்புநிலைக் குறிப்பில் நான்கு எண்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். ஒரு நிதி எவ்வளவு வைப்பு வாங்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இருக்கிறது: அதன் நிகர சொந்த நிதியைப் போல் 20 மடங்கு. செலுத்தப்பட்ட பங்கு மூலதனத்தோடு கட்டற்ற காப்பு நிதியைக் கூட்டி, சேர்ந்துள்ள நட்டத்தையும், மென்பொருள், நற்பெயர் மதிப்பு போன்ற தொட்டுணர முடியாத சொத்துகளையும் கழித்தால் கிடைப்பதே நிகர சொந்த நிதி. உரிமையாளர்களின் சொந்தப் பணம் ஒரு ரூபாய் இருந்தால் மற்றவர் பணம் இருபது ரூபாய்வரை வாங்கலாம் என்று பொருள். கணக்கிட வேண்டியது கடைசியாகத் தணிக்கையான கணக்கை வைத்துத்தான்.

ஒரு கற்பனை நிதியை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 3 லட்சம் ரூபாயை அதில் போட நினைக்கிறார். அவர் கையில் கிடைத்த இருப்புநிலைக் குறிப்பில் பங்கு மூலதனம் 40 லட்சம், காப்பு நிதி 25 லட்சம், சேர்ந்துள்ள நட்டம் 12 லட்சம், மென்பொருள் 3 லட்சம் என்று இருக்கிறது. 40-ம் 25-ம் சேர்ந்து 65. அதில் 15 போனால் 50 லட்சம். இதன் இருபது மடங்கு 10 கோடி. வைப்புகள் 9 கோடியே 40 லட்சம் என்று அதே குறிப்பு சொல்கிறது. வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் இன்னும் 60 லட்சத்துக்குத்தான் இடம். “இந்தக் கணக்குக்குப் பிறகு மொத்த வைப்பு இரண்டு கோடி கூடிவிட்டது” என்று மேலாளர் பெருமையாகச் சொன்னால், அந்தப் பெருமையே வரம்பு மீறலின் ஒப்புதல். இடையில் புதிதாகப் பங்கு மூலதனம் வந்து, அது தணிக்கையான கணக்கிலும் ஏறியிருந்தாலொழிய அதற்கு வேறு விளக்கம் இல்லை.

ஆசிரியை இத்துடன் நிறுத்தவில்லை. நிலுவையில் உள்ள வைப்பில் குறைந்தது 10 சதவீதத்தை நிதி தன் பெயரில் வணிக வங்கியிலோ அஞ்சலகத்திலோ வைப்பாக வைத்திருக்க வேண்டும். கூட்டுறவு வங்கியில் வைத்தால் கணக்கில் சேராது. அந்தப் பணத்தின் மீது எந்த அடமானமும் இருக்கக் கூடாது. வைப்பாளர்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றால் கொடுக்க வேண்டிய பணம் அது. துல்லியமாகப் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசியின் வைப்பை வைத்து இதைக் கணக்கிட வேண்டும். நம் மதிப்பீட்டுக்கு இருப்புநிலைக் குறிப்பின் எண்ணே போதும். 9.4 கோடிக்குப் பத்து சதவீதம் 94 லட்சம். குறிப்பில் ‘வங்கி வைப்புகள் 1 கோடியே 2 லட்சம்’ என்று இருக்கிறது. நிம்மதியாகத் தோன்றும். ஆனால் பின்னால் உள்ள விளக்கக் குறிப்புகளில், அந்த வைப்பில் 30 லட்சம் ஒரு வங்கியில் வாங்கிய மிகைப்பற்றுக் கடனுக்கு அடமானம் என்று ஒரு வரி இருக்கிறது. அப்படியானால் கட்டற்ற வைப்பு 72 லட்சம்தான். 22 லட்சம் குறைகிறது. அது மட்டுமல்ல, உறுப்பினர்களுக்குக் கடன் கொடுப்பதற்காக வங்கியில் கடன் வாங்கவே நிதிக்கு 2022 திருத்தம் தடை போட்டிருக்கிறது. மிகைப்பற்று எதற்கு என்று அவர் கேட்க வேண்டிய கேள்வி இப்போது அவர் கையில் இருக்கிறது.

முதல் பக்கத்து எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இந்த நிதி நல்ல நிதியாகவே தெரிந்திருக்கும். ஆகவே பின்னிணைப்புக் குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். தமிழில் கேட்டால் அலுவலகத்தில் விளக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. விளக்கத் தயங்கினால் அதுவும் ஒரு விடைதான்.

நிறுவனத்தின் வயதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். 2024-இல் சென்னையில் நூற்றைம்பது ஆண்டு கடந்த ஒரு நிதியின் வாசலிலேயே வைப்பாளர்கள் முதிர்ந்த பணத்தைக் கேட்டு நிற்க வேண்டி வந்தது.

நான்காம் படி: வைப்பின் நிபந்தனைகள்

நிரந்தர வைப்பின் காலம் 6 மாதத்துக்குக் குறையக் கூடாது, 60 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. தொடர் வைப்புக்கு 12 மாதம் முதல் 60 மாதம். சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் ஒரு லட்சத்துக்குத்தான் வட்டி. அதுவும் தேசியமயமாக்கப்பட்ட வங்கிகள் தரும் சேமிப்பு வட்டியைவிட 2 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. நடப்புக் கணக்கு என்பதே நிதியில் இல்லை. வியாபாரிகளிடம் ‘கரண்ட் அக்கவுண்ட் தருகிறோம்’ என்றால் விதிமீறல்.

வட்டி விகிதம்தான் எல்லாவற்றிலும் எளிதான சோதனை. நிரந்தர, தொடர் வைப்புகளுக்கு, வங்கியல்லாத நிதிக் கம்பெனிகள் பொது வைப்புக்குத் தரலாம் என்று ரிசர்வ் வங்கி வகுத்துள்ள உச்ச விகிதத்துக்கு மேல் நிதி தரக் கூடாது. அது ஆண்டுக்கு 12.5 சதவீதம். மூத்த குடிமக்களுக்கு 14, ‘நிறுவன நாள் சலுகையாக’ 15 என்று யாராவது சொன்னால், அவர்கள் விதி தெரியாதவர்களாகவோ தெரிந்தே மீறுபவர்களாகவோ இருக்க வேண்டும். இரண்டு வகையினரிடமும் பணம் தராதீர்கள்.

இதோடு சேர்ந்தது விளம்பரம். வைப்பு கேட்டு எந்த வடிவிலும் விளம்பரம் செய்ய நிதிக்கு அனுமதி இல்லை. உறுப்பினர்களுக்குள் மட்டும் சுற்றுக்கு விடும் தாளில் ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்ற குறிப்புடன் திட்ட விவரம் தரலாம், அவ்வளவே. பஸ்ஸின் பின்புறத்திலும் சுவர்களிலும் வட்டி விகிதம் எழுதி அழைக்கும் நிதி தன் விதிமீறலை ஊருக்கே அறிவிக்கிறது. வைப்பு பிடித்துத் தருபவருக்குத் தரகோ ஊக்கத்தொகையோ தரக் கூடாது. உங்கள் தெருவில் தெரிந்த அக்கா ஒருவர் “என் பெயரில் சேருங்கள், எனக்கும் ஒரு சதவீதம் வரும்” என்று சொன்னால், அவர் மீது கோபப்பட வேண்டாம். அவருக்கும் இதைச் சொல்லுங்கள். பணம் திரும்பாத நாளில் ஊரார் முதலில் போய் நிற்பது அவர் வாசலில்தான்.

இடையில் பணம் தேவைப்பட்டால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் வைப்பை எடுக்க முடியாது. மூன்று மாதத்துக்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் எடுத்தால் அசல் மட்டும் வரும், வட்டி கிடையாது. ஆறு மாதம் கடந்தபின் எடுத்தால், பணம் உண்மையில் இருந்த காலத்துக்குரிய வட்டியிலிருந்து 2 சதவீதம் குறையும். உதாரணமாக, 24 மாதத்துக்கு 9 சதவீதத்தில் ஒரு லட்சம் போட்டு 14-ஆம் மாதம் எடுக்கிறீர்கள். 14 மாத வைப்புக்கு அந்த நிதி 8.5 சதவீதம் தந்துகொண்டிருந்தது என்றால், உங்களுக்கு 6.5 சதவீதம். எளிய வட்டியில் சுமார் 7,580 ரூபாய் வரும். வைப்பாளர் இறந்துபோனால் இந்தக் குறைப்பு இல்லை. பணம் தரும் நாள்வரை வட்டி கணக்கிட்டு வாரிசு நியமனம் பெற்றவருக்குத் தரலாம். ஆகவே வாரிசு நியமனக் கட்டத்தை வெற்றாக விடாதீர்கள்.

ஐந்தாம் படி: கடன் வாங்குவது

நிதியில் வெறும் கையெழுத்துக் கடன் கிடையாது. தங்கம், வெள்ளி நகை, வீடு அல்லது மனை, நிதியிலேயே உள்ள உங்கள் வைப்பு ரசீது, தேசிய சேமிப்புப் பத்திரம், காப்பீட்டுப் பாலிசி போன்றவற்றின் மீதுதான் தர வேண்டும். ‘பத்தே நிமிடத்தில் ஈடில்லாக் கடன்’ என்று கைப்பேசிச் செயலி வழியாகத் தரும் நிதி, விதிக்கு வெளியே நிற்கிறது.

ஓர் உறுப்பினருக்கு எவ்வளவு தரலாம் என்பது அந்த நிதியின் மொத்த வைப்பைப் பொறுத்தது. வைப்பு 2 கோடிக்குக் குறைவென்றால் 2 லட்சம்வரை. 2 கோடிக்கு மேல் 20 கோடிக்குள் என்றால் ஏழரை லட்சம். 20-லிருந்து 50 கோடிவரை 12 லட்சம், அதற்கும் மேல் 15 லட்சம். முந்தைய மூன்று நிதியாண்டுகளிலும் தொடர்ந்து லாபம் காட்டாத நிதி இந்த அளவுகளில் பாதிதான் தரலாம். நம் கும்பகோணத்து நிதி இரண்டு ஆண்டுகளுக்கு முன் நட்டம் கண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒருவருக்கு உச்சம் 3 லட்சத்து 75 ஆயிரம். அதே நிலையில் அது புதுக் கிளை திறக்கவும் முடியாது. கிளைக்கும் மூன்றாண்டுத் தொடர் லாபம் வேண்டும். வேறு மாநிலத்தில் கிளை என்றால் எந்த நிதிக்கும் அனுமதி இல்லை.

நகைக்கடனில் நகை மதிப்பில் 80 சதவீதம்வரை கிடைக்கும், ஓராண்டுக்குள் திருப்ப வேண்டும். வீடு, மனை மீது மதிப்பில் பாதிவரை, ஏழாண்டுக்குள். நீங்கள் அடகு வைத்த பொருளை நிதி வேறிடத்தில் மறு அடகு வைப்பது தடை செய்யப்பட்டது. நகைக்கடன் முடிக்கப் போகும்போது “நகை தலைமை அலுவலகத்தில் இருக்கிறது, மூன்று நாள் கழித்து வாருங்கள்” என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னால், அந்த இடத்திலேயே எழுத்தில் பதில் கேளுங்கள்.

கடன் வட்டிக்கும் கயிறு இருக்கிறது. வைப்புக்குத் தரும் உச்ச வட்டியோடு ஏழரை சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. வைப்புக்கு 10 தந்தால் கடனுக்கு 17.5-தான் எல்லை. இதைவிட முக்கியம், அது குறையும் அசலின் மீது கணக்கிடப்பட வேண்டும். ஒரு லட்சம் ரூபாயை ஐந்தாண்டில் மாதத் தவணையாகக் கட்டுகிறீர்கள். குறையும் அசல் மீது 17.5 சதவீதம் என்றால் மொத்த வட்டி ஏறத்தாழ 50,700 ரூபாய். அதே விகிதத்தை முழு அசலின் மீதே ஐந்தாண்டும் போட்டால் 87,500. விகிதம் ஒன்றாகவே இருந்து 36,800 ரூபாய் கூடிவிடுகிறது. தவணை அட்டவணையை வாங்கி, மாதாமாதம் வட்டிப் பகுதி குறைகிறதா என்று பாருங்கள். ஒரே எண் வரிசையாக நின்றால் ஏமாற்று.

பணம் வராவிட்டால்

முதிர்ந்த தேதியில் பணம் தராமல் ‘புதுப்பித்துக்கொள்ளுங்கள்’ என்று வற்புறுத்துவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. அந்த வற்புறுத்தலுக்கு இணங்கிப் புது ரசீது வாங்கிவிட்டால் அவர்கள் தவணை மீறியது கணக்கிலிருந்தே மறைந்துவிடும். பழைய ரசீதைக் கொடுத்துவிடாமல், பணம் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, ஒப்புகை பெறுங்கள். பிறகு கம்பெனிப் பதிவாளருக்குப் புகார் அனுப்பலாம். தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தையும் அணுகலாம். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1997-ஆம் ஆண்டு வைப்பாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசில் புகார் கொடுத்தால், நிறுவனத்தின் சொத்துகளையும் பொறுப்பாளர்களின் சொத்துகளையும் முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக வைப்பாளர்களுக்குப் பிரித்துத் தர வழியுண்டு. ஆண்டுகள் பிடிக்கும்.

அந்தப் புகாருக்கு அவர்கள் கேட்பவை வைப்பு ரசீதின் இரண்டு பக்க நகல், பணம் கொடுத்த வங்கிக் கணக்குப் பதிவு, பங்கு ஆவணம், உறுப்பினர் எண், எழுதிக் கேட்ட கடிதத்தின் ஒப்புகை. ரொக்கமாகக் கொடுத்தவர்கள் இங்கே திணறுகிறார்கள். ஆகவே பத்தாயிரமானாலும் காசோலையிலோ வங்கி வழியாகவோ கொடுத்து, ரசீதை அன்றே படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள்.